எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சந்தேகப்பட்ட வருடம்

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் பதினோரு வருடங்களாக டெக்னீசியனாக இருக்கிறேன். காலையில் பிரிவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது நோயாளிகளை அல்ல, தண்ணீரை. பின்கட்டில் ஆர்.ஓ. அறை இருக்கிறது. மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, கடினத்தன்மையை எடுக்கும் தொட்டி, அதற்கப்புறம் சவ்வுகள் இருக்கும் நீளமான குழாய்கள். ஒரு சிறிய குப்பியில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டு, குளோரின் இல்லை, கடினத்தன்மை இல்லை என்று உறுதி செய்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் நோயாளியைப் படுக்கையில் ஏற்றுவோம்.

அவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஒரு முறை டயாலிசிஸ் செய்ய நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். அதற்கும் நோயாளியின் ரத்தத்துக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்றுதான். தண்ணீரில் கூடாதது எது இருந்தாலும் நேரே ரத்தத்துக்குள் போய்விடும். அதனால் முதலில் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறோம். பிறகு கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் என்று உடம்புக்கு வேண்டியதை அளந்து கலக்கிறோம். எடுப்பது பாதி வேலை, திரும்பக் கொடுப்பது மீதி வேலை என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் நானே சொல்வேன்.

எங்கள் வீட்டுச் சுவரிலும் ஓர் ஆர்.ஓ. மெஷின் இருந்தது. என் கணவருடைய பெரியப்பா மகன் அவற்றை விற்கிறார், பழுது பார்க்கிறார். மூன்று வருடத்துக்கு முன் புதுவீட்டுக்கு வந்தபோது அவரே கொண்டுவந்து மாட்டினார். இந்த மெஷினும் எடுக்கத்தான் செய்கிறது, திரும்ப யார் கொடுக்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது போன வருடம் சம்பா நடவின்போது.

வீடு திருவையாறு சாலையில் இருக்கிறது. என் கணவர் சொந்தமாகக் கொஞ்சமும் குத்தகைக்குக் கொஞ்சமுமாக நிலம் வைத்து விவசாயம் செய்கிறார். நாற்பத்தாறு வயது. அன்று எனக்கு விடுமுறை. நடவு ஆட்களுக்கு டீ எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று உட்கார்ந்துவிட்டார். வலது கெண்டைக்கால் கல் போல இறுகியிருந்தது. நான் பிடித்து நீவிவிட்டேன்.

"சேத்துல நின்னதால பிடிச்சிருக்கும்," என்றார்.

அடுத்த வாரம் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது விரல்கள் இழுத்துக்கொண்டு பிரேக்கைப் பிடிக்க முடியாமல் போனது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்று சொன்னார். எனக்கு அது பழகிய பேச்சு. நோயாளிகள் அப்படிச் சொன்னால் கால்சியம் பார்ப்போம், மக்னீசியம் பார்ப்போம்.

அன்று சாயங்காலம் சமையலறையில் டம்ளரோடு நின்றபோதுதான் அந்த மெஷினை நிஜமாகப் பார்த்தேன். சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு வருடமாக நாங்கள் குடிப்பதும் அதில்தான், உலை வைப்பதும் அதில்தான்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து அளவுக் கருவியை இரவல் வாங்கி வந்தேன். எங்கள் போர் தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு இருநூற்று எண்பது மில்லிகிராம் என்று காட்டியது. மெஷின் தண்ணீரில் இருபத்திரண்டு. கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்தையும் விட்டுப் பார்த்தேன். எங்கள் பிரிவில் வருவது போலவே, கடினத்தன்மை ஏறக்குறைய இல்லை என்று வந்தது.

"ஏங்க, இதுல ஒண்ணுமே இல்லீங்க," என்றேன்.

"ஒண்ணும் இல்லாம இருக்கணும்னுதானே வாங்கினோம்?"

"அழுக்கு இல்லாம இருக்கணும். இதுல கால்சியமும் இல்ல, மக்னீசியமும் இல்ல. ரெண்டு வருஷமா வெறுந்தண்ணி குடிக்கிறோம்."

அவர் சிரித்தார். "பயிருக்கு மக்னீசியம் கொறைஞ்சா அடி இலைல நரம்புக்கு நடுவுல மஞ்சளாகும். எனக்கு எங்கயாச்சும் மஞ்சளாயிருக்கா பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் எல்லாம் அதற்குச் சாட்சி சொல்ல வந்துவிடும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முட்டி வலி, அவர்கள் வீட்டிலும் ஆர்.ஓ. என் நாத்தனாருக்கு முடி கொட்டுகிறது, அவர்களும் கேன் தண்ணீர். குடும்ப வாட்ஸப் குழுவில் ஆர்.ஓ. தண்ணீர் எலும்பை உருக்கிவிடும் என்று ஒரு செய்தி சுற்றியது. அதைக் குடித்தால் பி-12 குறையும் என்று இன்னொன்று. பி-12 குடிதண்ணீரில் கிடைக்கிற சமாசாரமே இல்லை, பாலிலும் முட்டையிலும் கறியிலும் இருப்பது என்று படித்தவள் நான். ஆனாலும் அந்தச் செய்தியை ஒருவருக்கும் மறுத்துச் சொல்லவில்லை. என் பக்கம் பேசுகிற செய்தி என்று விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மெஷினை மாட்டிய கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். மறுநாளே கையில் ஒரு வெள்ளைக் குழாயோடு வந்தார்.

"அண்ணி, இது மினரல் கார்ட்ரிட்ஜ். கால்சியம், மக்னீசியம் எல்லாம் இதுலேருந்து கரைஞ்சு தண்ணில சேந்துரும். நீங்க கவலையே படாதீங்க."

மாட்டினார். மெஷினின் மூடியைத் திறந்து ஏதோ செய்துவிட்டு, கொஞ்சத் தண்ணீரைக் கீழே விட்ட பிறகு தன் கருவியை டம்ளரில் வைத்துக் காட்டினார். நூற்றுப் பத்து.

"பாத்தீங்களா? இருபத்திரண்டு நூத்திப்பத்தாயிருச்சு."

ஒரு சின்னக் குழாய் அவ்வளவு ஏற்றுமா என்று எனக்கு உறுத்தியது. அவர் போனதும் நானே மூடியைத் திறந்தேன். வேலை செய்யும் இடத்தில் இதைவிடப் பத்து மடங்கு பெரியதைத் திறந்து பழகிய கை. உள்ளே ஒரு சின்னத் திருகு இருந்தது. ஆர்.ஓ. சவ்வுக்குள் போகாத தண்ணீரை எவ்வளவு கலக்கலாம் என்று வைக்கிற திருகு அது. நன்றாகத் திறந்து வைத்திருந்தார். அதை மூடி, பழைய தண்ணீர் போகும்வரை விட்டுவிட்டு மறுபடி அளந்தேன். முப்பத்தெட்டு. அந்த வெள்ளைக் குழாய் சேர்த்தது வெறும் பதினாறுதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அதுவும் இருபத்தாறாக இறங்கியிருந்தது.

ஏமாற்றுகிறார் என்று முடிவு செய்துவிட்டேன். போனில் கேட்டபோது அவர் குரல் மாறியது.

"அண்ணி, நான் ஒண்ணும் தப்பு பண்ணல. அந்தத் திருகை கம்பெனியே அதுக்குத்தான் வச்சிருக்கான். கலக்குற தண்ணியும் மத்த ஃபில்டர் தாண்டி, யூ.வி. லைட்டைத் தாண்டித்தான் வருது. உங்க போர் தண்ணி நல்ல தண்ணி. அதுல உள்ள கால்சியம்தான் உங்களுக்கு வருது. அது வேணும்னுதானே கேட்டீங்க?"

"அப்ப குழாய்லேருந்து வருதுன்னு ஏன் தம்பி சொன்னீங்க?"

அதை விட்டுவிட்டு, போர் தண்ணீரின் அருமையையே மறுபடி சொன்னார்.

"எங்க போர் தண்ணி நல்ல தண்ணின்னா இந்த மெஷினே எதுக்கு மாட்டினீங்க?"

"எல்லாரும் வீட்டுல வைக்கிறாங்க அண்ணி. நீங்க மட்டும் வைக்கலன்னா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அன்றைக்கே மெஷினின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். போர் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடித்தோம். காய்ச்சினால் அடியில் கொஞ்சம் வெள்ளையாகப் படியும்தான், ஆனாலும் முக்கால்வாசி உப்பு தண்ணீரிலேயே இருக்கும். என் கணவர் முணுமுணுத்தார். ஆர்.ஓ. தண்ணீரின் ருசி அவருக்குப் பழகிவிட்டது. நான் வேலைக்குப் போனபின் மெஷினைப் போட்டுக் குடிக்கிறாரோ என்று ஒயரின் மேல் மாவைத் தூவிவிட்டுக்கூடப் போயிருக்கிறேன். அவர் தொடவில்லை. நான் தூவியது அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று பின்னால் சொன்னார்.

இரண்டு மாதம் ஆயிற்று. பிடிப்பு குறையவில்லை, கூடியது. கதிர் முற்றும் சமயத்தில் ஒரு நாள் மோட்டார் கொட்டகை வாசலில் இரண்டு கைகளும் இழுத்துக்கொண்டு விரல்கள் கூம்பிப் போயின. பக்கத்து வயல்காரர் ஆட்டோவில் ஏற்றி எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்.

ரத்தப் பரிசோதனை முடிவு மத்தியானம் வந்தது. கால்சியம் கொஞ்சம் குறைவு. மக்னீசியம் நன்றாகவே குறைவு. சிறுநீரகம் நன்றாக இருந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல. நான் சொன்னது சரியாகப் போயிற்று என்ற நிம்மதி. இதைச் சொல்லவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் பிரிவின் சிறுநீரக மருத்துவர் ஒரு பெண்மணி. அதிகம் பேசமாட்டார். ஊசி வழியாக மக்னீசியம் ஏற்றச் சொல்லிவிட்டுக் கட்டிலருகே வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"மேடம், ரெண்டு வருஷமா ஆர்.ஓ. தண்ணி. அளந்து பாத்தேன், இருபத்திரண்டுதான். அதான் காரணம்."

"இப்பவும் அதையா குடிக்கிறீங்க?"

"இல்ல மேடம், ரெண்டு மாசமா போர் தண்ணி."

"ரெண்டு மாசமா போர் தண்ணி குடிச்சும் ஏறல?"

நான் காகிதத்தை மறுபடி பார்த்தேன்.

"நீங்களும் அந்தத் தண்ணிதானே குடிச்சீங்க? உங்களுக்குப் பாத்தீங்களா?"

போன வாரம் பார்த்திருந்தேன். சரியான அளவில்தான் இருந்தது. "நார்மல் மேடம். ஆனா ரத்தத்துல நார்மலா இருந்தாலும் உடம்புல கொறையலாம் இல்லீங்களா? முக்கால்வாசி எலும்புலயும் தசையிலயும்தானே இருக்கு?"

"இருக்கலாம். அதை நான் இல்லன்னு சொல்லல," என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் கிடையாதுங்க. சுகர் இல்ல, பிரஷர் இல்ல," என்றேன் நான்.

"அவரைச் சொல்ல விடுங்க."

"மாத்திரைன்னு ஒண்ணும் இல்லீங்க டாக்டர்," என்றார் அவர். "கேஸ் மாத்திரை ஒண்ணு மட்டும். காலைல டீக்கு முன்னாடி."

"எவ்வளவு நாளா?"

அவர் என்னைப் பார்த்தார். "அஞ்சு வருஷம் இருக்கும்ல?"

ஐந்து வருடத்துக்கு முன் முதுகுவலிக்கு அவர் மாத்திரை சாப்பிட்டபோது வயிறு எரிகிறது என்றார். பேருந்து நிலையத்துப் பக்கத்து மருந்துக் கடையில் அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தது நான். முதுகுவலி போன பிறகும் அட்டை தீர்ந்தால் வாங்கி வைத்தது நான். வீட்டுச் சாமான் பட்டியலில் சர்க்கரைக்கும் டீத்தூளுக்கும் கீழே அதையும் எழுதுவேன். அது மருந்து என்றே எனக்குத் தோன்றாமல் போயிருந்தது.

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. அறைக்கு வெளியே கூட்டிப்போய் நிதானமாகச் சொன்னார். அந்த மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் குடலில் மக்னீசியம் உறிஞ்சுவது குறைந்துவிடும். மக்னீசியம் ரொம்பக் குறைந்தால் கால்சியமும் கூடவே இறங்கும். புண் இருக்கிறவர்களுக்கு, தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல மாத்திரை. இவருக்குத் தேவை முடிந்து நாலு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"அப்ப தண்ணிக்குச் சம்பந்தமே இல்லையா மேடம்?"

"நீங்க டயாலிசிஸ் தண்ணிய நெனச்சுக்கிட்டு வீட்டுத் தண்ணியப் பாக்குறீங்க. இங்க தண்ணி ரத்தத்தோட பேசுது. வீட்டுல வயித்துக்குள்ளதான் போகுது. கிட்னி நல்லா வேலை செய்றவங்களுக்கு, மக்னீசியம் கொறையும்போது கிட்னியே அதைப் பிடிச்சு வச்சுக்கும். மக்னீசியம் நமக்குப் பெரும்பாலும் சாப்பாட்டுலேருந்துதான் வருது. பருப்பு, கீரை, கடலை. தண்ணிலேருந்து வர்றது சின்னப் பங்கு. நல்ல கடினமான தண்ணின்னா கொஞ்சம் கூட."

"அந்தச் சின்னப் பங்கும் போயிருச்சே?"

"போயிருச்சு. நல்லா சாப்பிடுறவங்களுக்கு அது தெரியாது. சாப்பாடே கொறைவா இருக்கிறவங்களுக்கு, உறிஞ்ச முடியாதவங்களுக்கு ஒருவேளை தெரியலாம். இருபது வருஷம் குடிச்சா என்ன ஆகும்னு உறுதியா சொல்ற அளவுக்கு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்றவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க."

பிறகு, "சோறு எதுல வடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"அந்தத் தண்ணிலதான்."

"தாது இல்லாத தண்ணில வேகவச்சா காய்லேருந்தும் அரிசிலேருந்தும் கூடுதலா இறங்கும். வடிச்சுக் கொட்டினா அதோட போயிரும். தீட்டின அரிசில ஏற்கெனவே கொஞ்சந்தான் இருக்கு. அதைப் பாருங்க."

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உலைப் பானையைப் பார்க்கவில்லை.

அந்த மாத்திரையை நிறுத்தினார். வயிறு எரிந்தால் போட்டுக்கொள்ள வேறு வகை ஒன்றைக் கொடுத்தார். சில வாரங்களுக்கு மக்னீசியம் மாத்திரை. மூன்றாவது வாரத்திலேயே பிடிப்பு நின்றுவிட்டது. மக்னீசியம் மாத்திரை தீர்ந்த பிறகு ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

அந்த ஆறு வாரத்துக்குள் எங்களுக்குள் ஒரு சண்டை நடந்தது. என் கணவர் மெஷினின் ஒயரைத் திரும்பச் செருகிவிட்டார்.

"இதுமேல பழி போட்டு ரெண்டு மாசம் சுடுதண்ணி குடிக்க வச்ச. இப்ப நான் இதையே குடிக்கிறேன். ரத்தம் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

"உங்க உடம்ப வச்சு விளையாடாதீங்க."

"அஞ்சு வருஷம் நீ வாங்கிக் குடுத்ததத்தான் முழுங்கினேன். அது மட்டும் என்னவாம்?"

கோபத்தில் சொன்ன வார்த்தை. ஆனால் பொய் இல்லை.

அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் ஒரு நாள் மாத்திரை அட்டை தட்டுப்பட்டது. பழைய மாத்திரையை ஒளித்துச் சாப்பிடுகிறார் என்று நினைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பெயரைப் படித்தேன். மருத்துவர் கொடுத்த புது மாத்திரைதான். பத்தில் மூன்று மட்டும் போயிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் திரும்பப் பையில் வைத்தேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது என்ன, மாவு தூவுவியா?" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நான்தான் அழுதுவிட்டேன்.

ஆறு வாரமும் ஆர்.ஓ. தண்ணீரே குடித்தார். ரத்தப் பரிசோதனையில் மக்னீசியம் சரியான அளவில் இருந்தது. கால்சியமும் ஏறியிருந்தது. காகிதத்தைக் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். நான் பார்க்கத்தான் அது.

எனக்குச் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஆள், ஆறே வாரம். அதற்குள் வீட்டில் சாப்பாடும் மாறியிருந்தது. கஞ்சியை வடிக்காமல் சோறு பொங்கினேன், வாரத்தில் மூன்று நாள் கீரை, சாயங்காலம் வேர்க்கடலை. அவரைக் கெடுத்தது அந்த மாத்திரை என்று ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் குற்றவாளி இல்லை என்று கையெழுத்துப் போட மட்டும் என் கை வரவில்லை.

மெஷின் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. என் பிறந்த வீடு கோடியக்கரைப் பக்கம். அங்கே போர் தண்ணீரில் வாயை வைக்க முடியாது, பருப்பு வேகாது. அண்ணன் வந்து எடுத்துப் போனார். அங்கே மாட்டியதும் அளந்து சொல்லச் சொன்னேன். போர் தண்ணீர் ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியது. மெஷின் வழியாக வந்த பிறகும் நூற்று நாற்பது. நல்ல சவ்வு அவ்வளவு எடுத்தும் அவ்வளவு மிச்சம். அங்கே அது தேவைப்படுகிற சாமான்தான். எங்கள் சமையலறையில் இப்போது கரி வடிகட்டியும் யூ.வி. விளக்கும் உள்ள சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது. தண்ணீரை ஊர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து நைட்ரேட்டும் மற்றதும் பார்த்த பிறகுதான் அதை வாங்கினேன். உரம் போடுகிற பூமியில் நைட்ரேட் நிலத்தடி நீருக்கு இறங்கும், அளவுக் கருவி எந்த உப்பு என்று சொல்லாது.

அந்தப் பெட்டியை மாட்டியவரும் கொழுந்தனார்தான். அன்று அதிகம் பேசாமல் வேலையை முடித்துவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து அவரே போன் செய்தார்.

"அண்ணி, ஒரு கஸ்டமர் வீட்டுல இருக்கேன். ஆர்.ஓ. தண்ணி குடிச்சா சத்துக் கொறையுமான்னு கேக்குறாங்க. நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்கன்னு சொன்னேன். ரெண்டு வார்த்தை பேசுங்க."

ஒரு பெண் குரல் வந்தது. "சொல்லுங்க மேடம், குடிக்கலாமா, குடிக்கக் கூடாதா?"

"உங்க ஊர்த் தண்ணி எப்படிங்க? அளந்து பாத்தீங்களா?"

"தெரியாதுங்க."

"சோறு வடிக்கிறீங்களா? பருப்பு, கீரையெல்லாம் எப்படி? வீட்டுல யாராச்சும் ரொம்ப நாளா மாத்திரை சாப்பிடுறாங்களா?"

"நான் தண்ணியப் பத்திதாங்க கேட்டேன்," என்றார் அந்த அம்மா, சங்கடத்தோடு. "ஆமாவா இல்லையான்னு சொன்னீங்கன்னா போதும்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் அளந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். கொழுந்தனார் போனை வாங்கிக்கொண்டார். பின்னணியில் அவர் அந்த அம்மாவிடம் அந்த வெள்ளைக் குழாயைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது கேட்டது. பாதியில் நிறுத்தி, "இருங்கக்கா, முதல்ல உங்க தண்ணிய அளந்துருவோம்," என்றார். அளந்தாரா, என்ன வந்தது, எதை விற்றார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.